குத்துவிளக்கும் சீரியல் லைட்டும்: கார்த்திகை அலங்காரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலும் திருப்பூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்ட பல குடும்பங்களில், ஊரில் இருக்கும் வீட்டின் ஆசாரத்தில் நின்ற குத்துவிளக்கு இப்போது டிவி அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. தொட்டிக்கட்டு வீட்டில் அதற்குப் போட்டியாக மின்னும் பொருள் எதுவும் இருந்ததில்லை. சுவர் மங்கலாக இருந்தது, தரை மங்கலாக இருந்தது, சுடர் மட்டுமே தெரிந்தது. புதிய வீட்டிலோ வெள்ளைச் சுவர், கண்ணாடிபோல் பளபளக்கும் டைல்ஸ், கூரையில் வரிசையாக எல்இடி விளக்குகள் என்று எல்லாமே ஒளியைத் திருப்பி அடிக்கின்றன. அங்கே பழைய விளக்கையும் புதிய அலங்காரப் பொருள்களையும் சேர்த்து வைக்கும்போது வரும் தவறுகளில் பெரும்பாலானவை, விளக்கு ஓர் அழகுப் பொருள் மட்டுமன்று, அது ஓர் ஒளி என்பதை மறந்துவிடுவதால் வருபவையே.

கோவையில் என் தங்கை வீட்டுக் கார்த்திகை அலங்காரத்தையே எடுத்துக்கொள்கிறேன். மூன்றடி உயரத்தில் ஒரு ஜோடிக் குத்துவிளக்குகள், அவற்றுக்குப் பின்னால் சன்னல்திரைபோல் தொங்கும் எல்இடி சரங்கள், நடுவில் கண்ணாடிச் சில்லு பதித்த அக்ரிலிக் மயில், பக்கவாட்டில் தங்க நிற முலாம் பூசிய இரண்டு ஜாடிகள், விளக்கின் தண்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் சாமந்தி மாலை. ஐந்து முகமும் ஏற்றியாகிவிட்டது. அப்போது உள்ளே வந்த எங்கள் அத்தை, வாசலில் நின்றபடியே, "ஏன் அம்மிணி, வெளக்கு இன்னும் பத்த வெக்கலியா?" என்று கேட்டார். ஒரு பொருளையும் புதிதாக வாங்காமல் அன்றிரவே அதைச் சரிசெய்தோம்.

முதல் தவறு ஒளியின் நிறம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அது மஞ்சளையும் சிவப்பையும் நன்றாகத் திருப்பி அனுப்பும், நீலத்தை அந்த அளவுக்கு அனுப்பாது. எனவே நீலச் சாயல் மிகுந்த வெள்ளை எல்இடியின் கீழ் அது வெளிறி, சற்றே பச்சை கலந்த சாம்பல் நிறமாகத் தெரியும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய விளக்கும் அழுக்காகவே இருப்பதுபோல் தோன்றினால் காரணம் இதுதான். சரவிளக்கு வாங்கும்போது பெட்டியின்மேல் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும்: 6500K என்றால் நீல வெள்ளை, 2700K அல்லது 3000K என்றால் 'வார்ம் ஒயிட்' எனப்படும் மஞ்சள் வெள்ளை. எண்ணெய்ச் சுடர் 2000K-க்கும் கீழே இருப்பதால், அதன் பக்கத்தில் நிற்கக்கூடியது இரண்டாவது வகைதான். பல வண்ணங்களில் மின்னி மின்னி அணையும் சரத்தை வாசலுக்கோ மொட்டைமாடிக்கோ அனுப்பிவிடுவதே நல்லது.

நிறம் சரியானாலும் அளவு கெடுத்துவிடும். ஒரு முகத்துச் சுடரை ஒரு மெழுகுவர்த்திக்குச் சமமாகக் கொண்டாலும் அதன் ஒளி சுமார் 12 லூமன். ஐந்து முகத்துக்கு 60. கூரையில் இருக்கும் ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒன்றே ஏறத்தாழ 800 லூமன் தரும். அத்தை கேட்ட கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. கூரை விளக்குகளை அணைத்து, சரத்தை விளக்குக்குப் பின்னாலிருந்து எடுத்து, அறையின் எதிர் மூலையில் இருந்த செடித்தொட்டியின் பின்னே மறைத்து வைத்தோம். ஆள் நடமாட அந்த வெளிச்சம் போதுமானதாக இருந்தது. சுடரும் தெரியத் தொடங்கியது.

இரண்டாவது தவறு, மின்னும் பொருளோடு மின்னும் பொருளையே சேர்ப்பது. தங்க நிற ஜாடி பித்தளைக்குப் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் முலாமின் மஞ்சள் வேறு, பித்தளையின் மஞ்சள் வேறு; இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று போலியாகவும் மற்றது பழசாகவும் தெரியும், இரண்டுமே தோற்றுவிடும். நவீனப் பொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மினுமினுப்பு இல்லாத நவீனப் பொருளாக இருக்கட்டும். மெருகேற்றாத வெள்ளைப் பீங்கான் குவளை, கருப்பு இரும்புச் சட்டம், ஒரே நிறத்தில் கரூர் பருத்தி மேசைவிரிப்பு ஆகியவை பளிச்சிடாமல் அடங்கியிருந்து பித்தளையை முன்னே தள்ளும். அடியில் விரிக்க நம் ஊரிலேயே பவானி ஜமக்காளம் இருக்கிறது. அதன் முரட்டு நெசவு டைல்ஸின் பளபளப்பை அடக்கிவிடும். பட்டை பட்டையான கோடுகள் இக்கால வீட்டுக்கும் அந்நியமாகத் தெரிவதில்லை. தங்கை வீட்டில் ஜாடிகள் உள்ளே போயின, ஜமக்காளம் வெளியே வந்தது. அக்ரிலிக் மயிலை மட்டும் அவள் விட்டுத்தரவில்லை. அதை நடுவிலிருந்து நகர்த்தி, சுடர் மட்டத்துக்குக் கீழே, ஓரமாக வைத்தோம். மின்னும் பொருள் ஒன்றே ஒன்று என்றால் கண் பொறுத்துக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அனுப்பர்பாளையத்தில் வாங்கிய போசி, அண்டா, செம்பு என்று பரணில் இருக்கும் பித்தளையையெல்லாம் இறக்கி வரிசையாக அடுக்கினால் அது பாத்திரக்கடைபோல் ஆகிவிடும். தண்ணீர் நிரப்பி நாலு பூ மிதக்கவிட்ட ஒரு போசி போதும்.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலங்காரத்திலேயே உயர்ந்து நிற்பது சுடராக இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் படச்சட்டமோ ஜாடியோ அதை மிஞ்சினால் கண் அங்கே போய்விடும். குத்துவிளக்கின் பாகங்கள் மரையால் இணைபவை. தண்டில் கழற்றக்கூடிய கணு இருந்தால் ஒரு விளக்கை மட்டும் சற்றுக் குட்டையாக்கி, இரண்டையும் முன்பின்னாக நிறுத்தலாம். இரட்டையரைப்போல் அசையாமல் நிற்கும் ஜோடியைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது. பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விளக்கைத் துலக்கும்போது செய்யும் தவறு அலங்காரத்தில் வந்து தெரியும். புளியிலுள்ள அமிலம் கறுப்பைக் கரைக்கிறது என்பதால் நெடுநேரம் ஊறவைத்தால், மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து, செம்பின் இளஞ்சிவப்புத் திட்டுகள் வெளிவரும். புளிக்கரைசலைத் தேய்த்த சில நிமிடங்களில் கழுவி, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். அன்னத்தின் இறகிலும் தண்டின் கணுக்களிலும் தங்கியிருக்கும் கறுப்பை ஊசி வைத்து நோண்டி எடுக்காமல் விட்டால்தான் வேலைப்பாடு எழுந்து தெரியும்.

அழகுக்கு அப்பாற்பட்ட தவறு அந்தப் பிளாஸ்டிக் மாலை. செயற்கைப் பூ பெரும்பாலும் பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்கும்தான். சூடு பட்டால் உருகிச் சொட்டும், தீ பிடித்தால் சொட்டுவதும் எரிந்துகொண்டே விழும். சுடரைச் சுற்றி ஒரு முழ தூரத்துக்காவது எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது. சுடருக்கு மேலே இன்னும் அதிக இடைவெளி வேண்டும். மாலையை எடுத்துவிட்டு, சத்தியமங்கலத்து மல்லிகைச் சரம் ஒரு முழத்தை எண்ணெய்த் தட்டுக்கு நன்றாகக் கீழே, தண்டில் சுற்றினோம். அடியில் தாம்பாளம் வைத்ததால் ஜமக்காளத்தில் எண்ணெய் இறங்கவில்லை. மின்விசிறி ஓடுகிறதா என்பதைச் சுடரே சொல்லும்: அது ஒரு பக்கம் சாய்ந்து புகைந்தால், அந்தப் பக்கத்துச் சுவரில் மறுநாள் கரி இருக்கும்.

எதிர் மூலைக்குப் போன சரவிளக்கைப் பற்றித் தங்கைக்குக் குறை இருந்தது; காசு கொடுத்து வாங்கியது மறைந்து கிடக்கிறதே என்றாள். இரவு ஒன்பது மணிக்கு விளக்கைக் குளிரவைத்த பிறகு, அதைத் திரும்பவும் பின்சுவரில் தொங்கவிட்டு ஏற்றினோம். சுடர் இல்லாத நேரத்தில் குத்துவிளக்குகள் அந்த வெளிச்சத்தின் முன்னே கருநிழலாக நின்றதும் பார்க்க நன்றாகவே இருந்தது.