கதவடி இடைவெளியை அடைத்த விதம்

எங்கள் வாசற்கதவின் அடியில் கீல் பக்கம் 6 மில்லிமீட்டரும் தாழ்ப்பாள் பக்கம் 12 மில்லிமீட்டரும் இடைவெளி இருந்ததால், குளிர்காற்றோடு கரப்பான்பூச்சிகளும் உள்ளே வந்துகொண்டிருந்தன. இதற்காக, ரப்பர் நாக்கு பொருத்திய அலுமினியப் பட்டை ஒன்றை வாங்கினேன்.

பட்டையைக் கதவின் அடிவிளிம்புக்கு இணையாகத் திருகினால் அகன்ற பக்கம் அடைபடாது. ஆகவே கதவைச் சாத்திவிட்டு, ரப்பர் தரையில் பட்டு 2 மில்லிமீட்டர் அளவுக்கு வளையும்படி, தரையின் சரிவை ஒட்டியே பட்டையைச் சாய்த்து வைத்துக் குறித்துக்கொண்டேன். நிலையில் இடிக்காதிருக்க இரு முனைகளிலும் சிறிது குறைத்து அறுத்தேன். பட்டையிலுள்ள துளைகள் நீள்வட்டமாக இருப்பது ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யத்தான் என்பதால், திருகுகளைத் துளையின் நடுவில் பாதி மட்டும் முடுக்கி, கதவை முழுவதுமாகத் திறந்து பார்த்தேன். சுவரை நெருங்கும் இடத்தில் தரை சற்று மேடாக இருந்ததால் ரப்பர் மடங்கி உரசியது. அந்த முனையை மட்டும் ஒரு மில்லிமீட்டர் உயர்த்தியதும் உரசல் நின்றது. ரப்பரை அதிகமாக அழுத்தி வைப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கதவைக் கனமாக்குவதோடு ரப்பரையும் விரைவில் கிழித்துவிடும்.

இரவில் வெளியே விளக்கை எரியவிட்டு, உள்ளே இருட்டாக்கிப் பார்த்தபோது மூலைகளில் மட்டும் வெளிச்சம் கசிந்தது. அங்கே பிரஷ் பட்டைத் துண்டுகளை ஒட்டினேன்.