பிழிவது எப்போது? ஒயின் தேர்வுக்கு ஒரு குறிப்பு

பானத் தயாரிப்புத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தேக்கா சந்தையில் ஒரு கொத்துக் கறுப்புத் திராட்சை வாங்கி, ஒன்றை உரித்துப் பாருங்கள். உள்ளே சதை வெளிர்பச்சையாக இருக்கும். நிறம் முழுவதும் தோலில்தான். பெரும்பாலான ஒயின் திராட்சைகளும் இப்படித்தான்.

அதனால் சிவப்பு ஒயினுக்குப் பழத்தை நசுக்கி, தோலோடும் விதையோடும் நொதிக்க விடுகிறார்கள். இந்த ஊறலே மேசரேஷன். நிறமும் துவர்ப்புத் தரும் டானினும் சாற்றில் இறங்குகின்றன. கரியமில வாயு தோல்களை மேலே தள்ளித் தொப்பிபோல் நிறுத்திவிடும். அதை அவ்வப்போது அமிழ்த்தாவிட்டால் காய்ந்து வினிகர் வாடை வரும். பிழிவது இதற்குப் பிறகுதான். வெள்ளை ஒயினுக்கோ முதலில் பிழிந்து, தெளிந்த சாற்றை மட்டும் குளிர்ச்சியாக நொதிக்க வைக்கிறார்கள். என் முதல் மாதிரித் தேர்வில் இந்த வரிசையை மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தேன்.

மாலோலாக்டிக் நொதித்தலில் ஈஸ்டுக்கு வேலையில்லை, ஆல்கஹாலும் உருவாகாது. பாக்டீரியா, பச்சை ஆப்பிளின் கூர்மையான மாலிக் அமிலத்தைத் தயிரில் உள்ள மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. சிவப்பு ஒயின்களில் இது வழக்கம். வெள்ளையில் பாணியைப் பொறுத்தது: பர்கண்டி ஷார்டொனேயில் விரும்பி நடத்துகிறார்கள், வெண்ணெய் மணம் சேரும், ரீஸ்லிங்கில் புளிப்பே அழகு என்பதால், குளிரவைத்தும் சல்ஃபர் டை ஆக்சைடு சேர்த்தும் பெரும்பாலும் தடுத்துவிடுகிறார்கள்.