ஸ்பின் கான்சன்ட்ரேட்டர்: "புரோட்டீன் எங்க போச்சு?"ன்னு தேடாம இருக்க

போன வாரம் புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி கான்சன்ட்ரேட்டரை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "அண்ணா, அடியில ஏதோ நூல் மாதிரி மிதக்குது, அழுக்கா?"ன்னு கேட்டா. அழுக்கு இல்ல, அது அவளோட மூணு நாள் வேலை. அதே நூலைப் பாத்து அதே கேள்வியை நானும் ஒரு காலத்துல கேட்டிருக்கேன், அதான் எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. பேலன்ஸ் டியூப் வைக்கிறது, ஐஸ்ல வைக்கிறது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடறேன்.

கட்-ஆஃபை ஒட்டி வாங்குறது

புரோட்டீன் 32 கிலோடால்டன், டப்பாவுல 30 போட்டிருக்கு, அப்போ நிக்கும்னு கணக்கு போடாதீங்க. அந்த நம்பர்தான் கட்-ஆஃப், மெம்பிரேன் எந்த சைஸுக்கு மேல தடுத்து நிறுத்தும்னு சொல்றது, ஆனா அது தோராயமானது, மெம்பிரேன் ஓட்டை எல்லாம் ஒரே அளவு கிடையாது, புரோட்டீனும் உருண்டையாத்தான் இருக்கணும்னு இல்ல. புரோட்டீன் சைஸ்ல பாதி, முடிஞ்சா மூணுல ஒரு பங்கு கட்-ஆஃப் எடுங்க. 32-க்கு 10 போதும். அதுக்காக பயந்துபோய் 3-க்கு இறங்கினா சாயங்காலம் வரைக்கும் சென்ட்ரிஃபியூஜ் பக்கத்துலயே உக்காந்திருக்கணும்.

ஃப்ளோ-த்ரூவைக் கொட்டுறது

மெம்பிரேன் தாண்டி கீழ வந்ததை ஜெல் பாக்குற வரைக்கும் கொட்டாதீங்க. அவ்ளோதான்.

"இன்னும் ஒரு இருபது நிமிஷம்" – இதுதான் என்னை இன்னும் கடுப்பேத்துற தவறு

கதையை முழுசா சொல்றேன். ஹிஸ்-டேக் போட்ட 32 கிலோடால்டன் புரோட்டீன், நிக்கல் காலம்ல இருந்து 12 மில்லி வந்துச்சு, மில்லிக்கு 0.8 மில்லிகிராம், மொத்தம் 9.6 மில்லிகிராம். அடுத்து ஜெல் ஃபில்ட்ரேஷன், 24 மில்லி சூப்பர்டெக்ஸ் 200 காலம், அதுல ஒரு தடவைக்கு 500 மைக்ரோலிட்டருக்கு மேல ஏத்தக் கூடாது. ரெண்டு ரன் ஓட்ட சோம்பேறித்தனம், அதனால எல்லாத்தையும் 500-க்குள்ள அடக்கிடலாம்னு முடிவு பண்ணேன். கவனிங்க, எவ்ளோ கெட்டியாக்கணும்னு முடிவு பண்ணது புரோட்டீன் இல்ல, காலம்ல சாம்பிள் ஏத்துற லூப்போட சைஸ். தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுச்சு.

15 மில்லி அமிகான், கட்-ஆஃப் 10, ஸ்விங் பக்கெட்ல 4000 ஜி, 4 டிகிரி. முதல் பத்து நிமிஷத்துல 5 மில்லிக்கு வந்துச்சு, அடுத்த பத்துல 2 மில்லி. வேகம் குறையுதேன்னு "சரி, இன்னும் ஒரு இருபது நிமிஷம்"னு டைமரை வச்சிட்டு டீ குடிக்கப் போய்ட்டேன். திரும்பி வந்து பாத்தா அடியில 150 மைக்ரோலிட்டர் இருந்தா அதிகம். 9.6-ஐ 0.15-ஆல வகுத்துப் பாருங்க, மில்லிக்கு 64 மில்லிகிராம். அந்த புரோட்டீன் 10 வரைக்கும் ஒழுங்கா இருக்கும்னு மட்டும்தான் அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியும்.

பதறிப்போய் பஃபர் ஊத்தி 1 மில்லி ஆக்கினேன். கரையல, வெள்ளையா நூல் நூலா சுத்துச்சு. 15,000 ஜில பத்து நிமிஷம் சுத்துனா அடியில பெல்லட், மேல இருக்கிறது மில்லிக்கு 5.2 மில்லிகிராம். 4.4 மில்லிகிராம் அங்கயே போச்சு. மிச்சத்தை ரெண்டு பங்கா காலம்ல ஏத்தினா 8 மில்லி கிட்ட, அதாவது பெரிய கட்டிகள் முதல்ல வெளிய வர்ற வாய்ட்ல, ஒரு பெரிய பீக். கண்ணுக்குத் தெரியாத அக்ரிகேட்டும் தெளிஞ்ச தண்ணி மாதிரிதான் இருக்கும்ங்கிறது அன்னைக்குத்தான் புரிஞ்சுது. நான் எதிர்பார்த்த 16 மில்லி பக்கத்துல வந்த பீக் குள்ளமா பாவமா நின்னுச்சு. டீக்கு பதிலா ரெண்டாவது ரன் ஓட்டியிருந்தா முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, சுத்தும்போது தண்ணியும் உப்பும் மெம்பிரேன் வழியா வெளிய போகும், புரோட்டீன் மட்டும் மெம்பிரேன் முன்னாடி தேங்கி நிக்கும். அந்த ஓரத்துல இருக்கிற அடர்த்தி, நீங்க மொத்த வால்யூமை வச்சுப் போடுற கணக்கை விட எப்பவுமே அதிகம். வேகம் குறையறதுக்கு பெரிய காரணம் இந்தத் தேக்கம்தான், வழியை அதே அடைக்குது. செங்குத்தா மெம்பிரேன் வச்ச டியூப்கள்ல அந்த கெட்டியான அடுக்கு கனமா இருக்கிறதால வழிஞ்சு அடியில போய் உக்காரும். மேல பாத்தா தண்ணி மாதிரி, அடியில பாகு மாதிரி.

இதுலதான் பெரிய ஏமாத்து இருக்கு. கலக்காம மேல இருந்து 2 மைக்ரோலிட்டர் எடுத்து நேனோடிராப்ல வச்சா கம்மியா காட்டும். "இன்னும் கெட்டியாகலையே"ன்னு அதை நம்பி மறுபடியும் ஓட்டுவாங்க. அடியில ஏற்கனவே வேண்டிய அடர்த்தியைத் தாண்டிப் போயிருக்கும். புதுசா வர்றவங்கள்ல பாதிப் பேர் விழுற குழி இதுதான்.

அப்புறம், "அமிகான்ல காஞ்சு போகாது, அடியில கொஞ்சம் நிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க"ன்னு ஒரு தைரியம். நிக்கும், உண்மைதான். ஆனா அது காயாம காப்பாத்துமே தவிர ஓவர் கான்சன்ட்ரேஷன்ல இருந்து காப்பாத்தாது. என்னோட 64-ம் அந்த பாதுகாப்புக்குள்ள நடந்ததுதான்.

இப்போ நான் பண்றது இது. சுத்துறதுக்கு முன்னாடியே மொத்த மில்லிகிராமை வேண்டிய அடர்த்தியால வகுத்து, எந்த வால்யூம்ல நிறுத்தணும்னு டியூப் மேலயே மார்க்கர்ல கோடு போட்டுடுவேன். 9.6-க்கு 8 போதும்னா 1.2 மில்லில கோடு. முதல் ஓட்டம் பத்து நிமிஷத்துக்கு மேல கிடையாது, அப்புறம் அஞ்சு, கோட்டுக்குப் பக்கத்துல வந்ததும் ரெண்டு ரெண்டு நிமிஷம். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டால அடியில இருந்து எடுத்து மேல விட்டு மெதுவா கலக்கணும், நுரை வரக் கூடாது, டிப் மெம்பிரேன்ல உரசக் கூடாது. அந்த நேரத்துல வெளிச்சத்துல பாருங்க, சர்க்கரைப் பாகை தண்ணில விட்டா வர்ற மாதிரி நெளிநெளியா கோடு தெரியும், அது அடங்குற வரைக்கும் கலந்தது போதாது. 4 டிகிரில தண்ணியே கெட்டியா இருக்கும், 20 டிகிரில ஆகுறதை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும், அதனால பக்கத்து லேப் காரங்க சொல்ற நிமிஷக் கணக்கைக் கடன் வாங்காதீங்க.

கலந்ததுக்கு அப்புறம்தான் அளவு எடுக்கணும், எடுத்ததை வால்யூமால பெருக்கி நோட்ல எழுதணும். அதே புரோட்டீனை மறுபடி பண்ணப்ப வந்த நம்பர் இப்படி: 12 மில்லில 0.8, அதாவது 9.6 மில்லிகிராம். 4 மில்லில 2.35, அதாவது 9.4. 2 மில்லில 4.6, அதாவது 9.2. கொஞ்சம் கொஞ்சமா குறையறது மெம்பிரேன்லயும் பிளாஸ்டிக்லயும் ஒட்டுறது, பரவால்ல. 1.1 மில்லில 7.1 வந்துச்சு, பெருக்கினா 7.8. ஒரே ஓட்டத்துல 1.4 மில்லிகிராம் காணோம். ஃப்ளோ-த்ரூல பாத்தேன், இல்ல. அப்போ ஏதோ கீழ உக்கார ஆரம்பிச்சிருக்கு. வேண்டிய 8 இன்னும் வரலையேன்னு யோசிக்கல, நிறுத்திட்டு 1.5 மில்லி ஆக்கி மூணு ரன்னா ஓட்டினேன். வாய்ட் பீக் சின்னதா இருந்துச்சு.

ஒரு எச்சரிக்கை, கலங்கல் வந்தா இந்தக் கணக்கு எதிர்ப் பக்கமா பொய் சொல்லும். சின்னத் துகள் வெளிச்சத்தைச் சிதறடிச்சு 280 ரீடிங்கை ஏத்திக் காட்டும், மில்லிகிராம் திடீர்னு கூடின மாதிரி இருக்கும். 340 நானோமீட்டரையும் ஒரு பார்வை பாருங்க, அங்க புரோட்டீன் எதையும் உறிஞ்சாது, அங்க ரீடிங் ஏறினா அது கலங்கல்தான்.

பிளாங்க்

இமிடசோல் 280-ல கொஞ்சம் உறிஞ்சும், அதனால வெறும் தண்ணியை பிளாங்க் வச்சா புரோட்டீன் இருக்கிறதை விட அதிகமா தெரியும். ஃப்ளோ-த்ரூவையே பிளாங்க் வைக்கிறது நல்ல பழக்கம், பஃபர் அச்சு அசலா அதேதான். ஆனா மெம்பிரேன் ஓட்டையா இருந்தா லீக்கான புரோட்டீனையும் சேர்த்து பிளாங்க் பண்ணிடுவீங்க, ஒண்ணுமே தெரியாது. முதல்ல எல்யூஷன் பஃபரை பிளாங்க் வச்சு ஃப்ளோ-த்ரூவைப் படிங்க, சைபர்னு வந்தா அப்புறம் அதையே வச்சுக்கலாம்.

கொஞ்சூண்டு புரோட்டீனுக்கு பெரிய டியூப்

10 மில்லி, மில்லிக்கு 0.05 மில்லிகிராம், மொத்தமே அரை மில்லிகிராம். இதை 15 மில்லி டியூப்ல போட்டா, நிறைய இருக்கும்போது கண்ணுலயே படாத அந்த ஒட்டல் இப்போ பங்குல பெருசா அடிக்கும். 4 மில்லி டியூப்ல மூணு தடவையா ஊத்தி ஓட்டுங்க, பரப்பு கம்மி. எடுத்து முடிச்சதும் 100 மைக்ரோலிட்டர் பஃபரை மெம்பிரேன் மேல வழியிற மாதிரி விட்டு, ரெண்டு நிமிஷம் வச்சு, அதையும் எடுத்துச் சேருங்க. நான் முன்னாடி இதைப் பண்ணாம அப்படியே குப்பைல போட்டிருக்கேன், எத்தனை மில்லிகிராம் போயிருக்கும்னு நினைக்கப் பிடிக்கல. ட்வீன்-20 ஊற வச்சு மெம்பிரேனை முன்கூட்டியே மூடுற வழியும் உண்டு, என்சைம் அஸேக்கு ஓகே, மாஸ் ஸ்பெக்குக்கோ கிரிஸ்டலுக்கோ போற சாம்பிள்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

உப்பும் குறையும்னு நினைக்கிறது

குறையாது. 300 மில்லிமோலார் இமிடசோல் 12 மில்லிலயும் 300, 1 மில்லிலயும் 300. போகணும்னா புது பஃபர் ஊத்தணும். 1 மில்லில நிறுத்தி 15-க்கு நிரப்பினா 20, மறுபடி ஒரு தடவை பண்ணினா 1.3. ரெண்டு தடவை போதும். நடுவுல 200 மைக்ரோலிட்டர் வரைக்கும் இறக்காதீங்க, மேல சொன்ன கதை ஒவ்வொரு சுத்துலயும் திரும்ப நடக்கும். ஊத்தின உடனே கலக்கிட்டு அப்புறம் சுத்துங்க.

டிடர்ஜென்ட்

டிடிஎம் மாதிரி பெரிய மைசெல் 10 கட்-ஆஃப்ல போகாது, புரோட்டீனோட சேர்ந்து அதுவும் கெட்டியாகும். பெரிய மெம்பிரேன் புரோட்டீன்னா 100 வரைக்கும் யோசிக்கலாம்.

புது டியூப்ல நேரா சாம்பிள் ஊத்துறது

மெம்பிரேன் காயாம இருக்க கிளிசரின் தடவி வருது. ஒரு தடவை தண்ணி, ஒரு தடவை பஃபர் விட்டு ஓட்டுங்க. ஓட்டினதுக்கு அப்புறம் காய விடாதீங்க, சாம்பிள் ரெடியாகலைன்னா மேல கொஞ்சம் பஃபர் விட்டு வைங்க.

வேற புரோட்டீனுக்கு அதே டியூப்

வேண்டாம்.