மீடியா கிட்: சராசரி வேண்டாம், நடு எண்ணைப் போடுங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து இன்ஸ்டாகிராமில் சமையல் ரீல் போடும் தங்கச்சி ஒருத்தி, விளம்பரம் தர வருகிறவர்களுக்குத் தன்னைப் பற்றிக் காட்டும் மீடியா கிட்டைத் திருத்தித் தரச் சொன்னாள். ஃபாலோயர் 6,200 பேர். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் "ஒரு ரீலுக்குச் சராசரி 25,500 பார்வை" என்று இருந்தது. கூட்டி வகுத்த கணக்கு சரிதான். ஆனால் விளம்பரம் தர வருகிறவர் அவள் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு ரீல் மேலும் பார்வை எண் நிற்கிறது. பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம். அதைப் பார்த்தபின் கிட்டில் வேறு எதையும் அவர் நம்பமாட்டார்.

முதலில் பார்வை எண். போட்டு ஒரு வாரமாவது ஆன கடைசி 9 ரீல்களை எடுங்கள். அவளுடையவற்றைச் சிறிதிலிருந்து அடுக்கினோம்: 1,600, 1,900, 2,100, 2,300, 2,400, 2,700, 3,100, 3,600, கடைசியில் 2,10,000. அந்த ஒன்று குற்றாலச் சாரல் சமயத்தில் போட்டது; சராசரியை அதுதான் தூக்கிவிட்டது. வரிசையின் நடுவில் நிற்கும் 2,400தான் அவளுடைய உண்மையான அளவு. ஷீட்டில் B2 முதல் B10 வரை இந்த எண்களை வைத்து இப்படிப் போட்டாலும் அதே எண் வரும்:

```
=MEDIAN(B2:B10)
```

"வழக்கமான ரீல்: சுமார் 2,400 பார்வை" என்று மாற்றினோம். பெரிய ரீலை ஒளிக்க வேண்டாம். தனி வரியில், அதைப் பார்த்தவர்களில் ஃபாலோ செய்யாதவர்கள் எத்தனை சதவீதம் என்பதோடு போடுங்கள்.

அடுத்து ஊர். நெல்லைக் கடைக்காரருக்கு இதுதான் முக்கியம். Insights பக்கத்தில் ஃபாலோயர்களின் ஊர்ப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எந்த நாளில் எடுத்தது என்று கீழே எழுதுங்கள். அது ஃபாலோயர் கணக்கு மட்டுமே. அந்தச் சதவீதத்தால் ரீல் பார்வையைப் பெருக்கி "இத்தனை நெல்லைக்காரர்கள் பார்த்தார்கள்" என்று எழுதிவிடாதீர்கள்.

பிறகு பழைய வேலை. இங்கேதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஐந்து கடைகளின் லோகோ இருந்தது. கேட்டால், இரண்டு காசு வாங்கிச் செய்தவை, ஒன்று பொருள் மட்டும் வாங்கியது, மீதி இரண்டும் அவளே போய்ச் சாப்பிட்டுப் போட்டவை. அந்த இரண்டு லோகோவையும் எடுத்துவிட்டோம். பொருள் வாங்கியதற்குப் பக்கத்தில் "பொருள் மட்டும்" என்றே எழுதினோம். இலவசப் பொருளுக்கும் விளம்பரம் என்ற அடையாளம் வேண்டும் என்பது விளம்பரத் தர மன்றமான ASCIயின் 2021 வழிகாட்டுதல். அதனால் பழைய ரீலில் அந்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"பல முன்னணி பிராண்டுகளுடன் பணியாற்றிய அனுபவம்" என்ற வரி இப்படி ஆனது: "கருப்பட்டிக் கடை, பாளையங்கோட்டை. கட்டண வேலை. 1 ரீல், 2 ஸ்டோரி. 14 நாளில் 3,100 பார்வை, 64 சேவ்." பக்கத்திலேயே ரீல் இணைப்பு.

"விற்பனை பெருகியது" என்பதையும் அடித்தேன். அது அவளிடம் இருக்கிற கணக்கு அல்ல. கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்கச் சொன்னேன். "ரீலப் பாத்துட்டு ஏழெட்டுப் பேரு வந்து கேட்டாவ தாயி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அவர் சம்மதம் கேட்டு, ஒரு எழுத்து மாற்றாமல் அதையே அந்த வரிக்குக் கீழே வைத்தோம்.