கார் கடனுக்கு முன்பணம் எவ்வளவு கட்டலாம்? பின்னாலிருந்து கணக்குப் போடும் முறை

ஷோரூமில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, "சார், டவுன் பேமென்ட் எவ்வளவு கட்டுவீங்க?" என்பதுதான். நாம் ஒரு தொகையைச் சொல்வோம். மீதியைக் கடனாக்கி, மாதத் தவணை இவ்வளவு என்று அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டுவார். தவணை கூடுதலாகத் தெரிந்தால் ஐந்து வருடத்தை ஏழாக்கிக் குறைத்தும் காட்டுவார். இந்த வரிசையில் போனால் தவணை நமக்குத் தாங்குமா என்ற கேள்வி கடைசிவரை வராது.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுவோம். முதலில் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று முடிவு செய்வது, அதற்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று பார்ப்பது, கார் விலையில் மீதி இருப்பதுதான் முன்பணம். இருபது சதவீதம் கட்டினால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த இருபது உங்கள் வீட்டு வரவு செலவைப் பார்த்து வந்த எண் அல்ல.

உதாரணத்துக்கு மதுரையில் வேலை பார்க்கும் ஒரு கணவன் மனைவியை எடுத்துக்கொள்வோம். பிடித்தம் போக இருவர் கைக்கும் வருவது மாதம் 75,000 ரூபாய். சேமிப்பில் 3,60,000 இருக்கிறது. பார்த்து வைத்திருக்கும் காரின் ஷோரூம் விலை 7,50,000.

படி 1: ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள்

விளம்பரத்தில் வருவது ஷோரூம் விலை. அதன்மேல் ஆயுள்கால சாலை வரி சேரும். தமிழ்நாட்டில் இந்த விலை வரம்பில் உள்ள காருக்கு 13 சதவீதம், அதாவது 97,500 ரூபாய். காப்பீடு 38,000, பதிவு, ஃபாஸ்டேக் வகையறா 4,500 என்று வைத்தால் மொத்தம் 8,90,000 ஆகிறது. இந்த எண்ணை வாய்வார்த்தையாக வாங்காமல் புரோஃபார்மா இன்வாய்ஸாகக் கேளுங்கள். கடனுக்கு வங்கியும் அதைத்தான் கேட்கும்.

இன்வாய்ஸில் சீட் கவர், தரை விரிப்பு, கூடுதல் வாரண்டி எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். இல்லையென்றால் வண்டி எடுக்கும் நாளில் இருபது முப்பதாயிரத்துக்கு இன்னொரு பில் வரும். அதற்கு வங்கி பணம் தராது, உங்கள் கையிலிருந்துதான் போகும்.

படி 2: காருக்காக மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்?

மற்ற படிகள் வெறும் பெருக்கல், கழித்தல். இந்த இடத்தில் மட்டும் நிதானமாக உட்காருங்கள்.

மாதச் செலவைக் கேட்டால் எல்லோரும் வாடகை, மளிகை, பால், மின்சாரம் என்று கூட்டிச் சொல்வோம். நம் தம்பதிக்கு அது 35,000. ஆனால் ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும், தீபாவளி பொங்கல் வரும், ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் வரும், சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் மொய் வரும். அவர்களுக்கு இதெல்லாம் வருடத்துக்கு 1,20,000 ஆகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,000. ஆக உண்மையான செலவு 45,000. தவணை கட்டத் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பத்தாயிரத்தை விட்டுவிட்டவர்கள்தான்.

இது போக மாதம் 8,000 சேமிக்கிறார்கள். கார் வந்தாலும் அதைத் தொடக் கூடாது என்பது என் கருத்து. 75,000-இலிருந்து 45,000-மும் 8,000-மும் போனால் மீதி 22,000.

சரி, அந்த 22,000-ஐ முழுவதும் தவணைக்குக் கொடுத்துவிடலாமா? முடியாது. கார் வாசலில் நின்றாலே செலவு. மாதம் 800 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 16 கிடைத்தால் 50 லிட்டர் பெட்ரோல், சுமார் 5,100 ரூபாய். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருடத்துக்கு முதலிலேயே கட்டிவிடுகிறோம். ஆனால் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டை இரண்டாம் ஆண்டிலிருந்து புதுப்பிக்க வேண்டும். அதை மாதத்துக்குப் பிரித்து 1,700 என்று வைப்போம். சர்வீஸ், டயருக்கு 1,000. சுங்கச்சாவடி, பார்க்கிங், வாட்டர் வாஷ் 700. மொத்தம் 8,500.

22,000-இல் 8,500 போக 13,500. இவர்களுக்குத் தாங்கக்கூடிய தவணை இவ்வளவுதான். வங்கியிடம் கேட்டால் இதைவிடக் கூடுதலான தவணைக்கே தகுதி உண்டு என்று சொல்லக்கூடும். வங்கி சம்பளத்தையும் ஏற்கனவே உள்ள கடன்களையும் பார்க்கிறது, ஜூன் மாதத்துப் பள்ளிக் கட்டணத்தைப் பார்ப்பதில்லை.

படி 3: தவணையைக் கடன் தொகையாக மாற்றுங்கள்

ஐந்து வருடம், 9 சதவீத வட்டி என்று எடுத்துக்கொள்வோம். கூகுள் ஷீட்ஸிலோ எக்ஸெலிலோ ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=PV(9%/12,60,-13500)
```

விடை சுமார் 6,50,000 என்று வரும். 9% என்ற இடத்தில் உங்கள் வங்கி சொன்ன வட்டியையும், 60 என்ற இடத்தில் மாதங்களையும், கடைசியில் உங்கள் தவணையையும் மாற்றிக்கொள்ளலாம். கைக்கணக்குப் போதும் என்றால், இந்த வட்டியில் ஐந்து வருடத்துக்கு லட்சத்துக்கு மாதம் 2,076 ரூபாய்.

8,90,000-இல் 6,50,000 போனால் 2,40,000. இதுதான் இவர்கள் கட்ட வேண்டிய முன்பணம். ஆன்ரோடு விலையில் 27 சதவீதம் வருகிறது.

படி 4: அந்தப் பணம் உண்மையில் கையில் இருக்கிறதா?

சேமிப்பு 3,60,000 என்பதால் தாராளமாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒருவர் வேலை நின்றாலோ ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ மூன்று மாதமாவது ஓட வேண்டும். வீட்டுச் செலவு 45,000, தவணை 13,500, இரண்டையும் கூட்டி மூன்றால் பெருக்கினால் ஏறத்தாழ 1,75,000. தவணையையும் இதில் சேர்க்க மறக்காதீர்கள், வேலை போன மாதத்திலும் வங்கி அதை எடுத்துக்கொள்ளும். இந்தத் தொகையை ஒதுக்கினால் முன்பணத்துக்கு மிஞ்சுவது 1,85,000. தேவையோ 2,40,000. 55,000 குறைகிறது.

இந்த இடத்தில்தான் நகையை அடகு வைக்கலாமா, சீட்டை எடுத்துவிடலாமா என்ற யோசனை வரும். நகைக்கடனுக்கும் வட்டி ஓடும், ஒருநாள் திருப்பவும் வேண்டும். சீட்டை எடுத்த பிறகும் மீதி மாதங்களுக்குச் சீட்டுப் பணம் கட்டியாக வேண்டும். இரண்டுமே இன்னொரு தவணைதான். 13,500 என்று நாம் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த எல்லையை வேறு பெயரில் தாண்டுவதாகிவிடும்.

நான் சொல்லும் வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். கார் வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, சம்பளம் வந்த மறுநாள் 22,000-ஐ முழுவதுமாகத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். தவணைக்கு 13,500, ஓட்டும் செலவுக்கு 8,500. மூன்றே மாதத்தில் 66,000 சேரும். குறைந்த 55,000 வந்துவிடும், சீட் கவருக்கும் 11,000 மிஞ்சும். இந்த மூன்று மாதத்தில் அந்தக் கணக்கிலிருந்து பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தால், படி 2-இல் போட்ட செலவுக் கணக்கு சரியில்லை என்று அர்த்தம். அப்போது தவணையைக் குறைத்து மறுபடி கணக்குப் போடுங்கள், அல்லது ஒரு படி கீழே உள்ள மாடலைப் பாருங்கள். சோதிக்கும் மாதங்களில் ஜூனோ தீபாவளியோ விழுந்தால் இன்னும் நல்லது.

படி 5: ஏழு வருடக் கடன் என்று ஆசை காட்டினால்

ஷோரூம் விலை முழுவதையும் கடனாகத் தருகிறோம் என்று ஒரு திட்டம் வரும். வரி, காப்பீடு, பதிவுக்கு 1,40,000 மட்டும் கட்டினால் போதும். 7,50,000 கடனுக்கு ஏழு வருடத்தில் தவணை சுமார் 12,070. நம் 13,500-ஐவிடக் குறைவு, முன்பணமும் ஒரு லட்சம் குறைவு. பிறகு ஏன் யோசிக்க வேண்டும்?

வட்டி ஒரு காரணம். ஐந்து வருடக் கணக்கில் மொத்த வட்டி சுமார் 1,60,000. இதில் 2,64,000. ஆனால் பலர் கவனிக்காத இன்னொரு காரணம் உண்டு. காப்பீட்டில் வண்டியின் மதிப்பை ஐடிவி என்பார்கள். வழக்கமான தேய்மான அட்டவணைப்படி இரண்டு வருடம் முடிந்த வண்டிக்கு 30 சதவீதம் கழியும். 7,50,000 ரூபாய்க் காரின் மதிப்பு 5,25,000 ஆகிவிடும். அந்த நேரத்தில் ஏழு வருடக் கடனில் பாக்கி சுமார் 5,81,000. வண்டி திருடுபோனாலோ விபத்தில் முழுவதும் நொறுங்கினாலோ காப்பீட்டுப் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். அதற்கு மேலும் 56,000 ரூபாயை, இல்லாத காருக்காக நீங்கள் கட்ட வேண்டும். 2,40,000 முன்பணம் கட்டி ஐந்து வருடக் கடன் எடுத்திருந்தால் அப்போது பாக்கி சுமார் 4,24,000-தான், உங்கள் கைக்கும் ஒரு லட்சம் வரும். வேறு வழியில்லாமல் நீண்ட கடன் எடுப்பவர்கள் காப்பீட்டில் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பைக் கேட்டுப் பாருங்கள், அது இருந்தால் தேய்மானம் கழிக்காமல் இன்வாய்ஸ் விலையே கிடைக்கும்.

படி 6: கையில் கூடுதல் பணம் இருந்தால்

அவசரத் தொகை போக ஒரு லட்சம் மிச்சம் இருந்தால் அதையும் முன்பணத்தில் சேர்க்கலாம். தவணை 2,076 குறையும், ஐந்து வருடத்தில் சுமார் 24,500 வட்டி மிச்சமாகும். 9 சதவீதத்தில் கடன் வாங்கிக்கொண்டு, அதைவிடக் குறைந்த வட்டிக்கு வைப்பு நிதியில் பணத்தை விட்டுவைப்பதில் லாபம் இல்லை. வைப்பு நிதி வட்டிக்கு வருமான வரியும் உண்டு. பிறகு மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். நிலையான வட்டியில் தரும் கார் கடன்கள் பலவற்றில் அது இருக்கும்.

படி 7: கையெழுத்துக்கு முன்

கடன் அனுமதிக் கடிதத்தில் வட்டி குறைந்துவரும் பாக்கிக்கா, கடைசிவரை முழுக் கடன் தொகைக்கும் போடும் ஃபிளாட்டா என்று பாருங்கள். "வெறும் 5 சதவீதம்தான்" என்று யாராவது சொன்னால் அநேகமாக ஃபிளாட். 6,50,000-க்கு ஐந்து வருடம் ஃபிளாட் 5 சதவீதம் என்றால் வட்டி 1,62,500, தவணை 13,540. நாம் 9 சதவீதத்தில் போட்ட தவணையைவிட இது கொஞ்சம் கூடுதல். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, கடன் தொகை, மாதங்கள், தவணை என்ற மூன்றை மட்டும் வைத்து இரண்டு வங்கிகளை ஒப்பிடுங்கள். செயலாக்கக் கட்டணத்தைக் கடனிலேயே கழித்துக்கொள்வார்களா என்றும் கேட்டுவிடுங்கள். கழித்தால் ஷோரூமுக்குப் போகும் தொகை அந்த அளவு குறையும், அந்தக் குறையையும் முன்பணத்தோடு சேர்த்து நீங்கள்தான் கட்ட வேண்டும்.