ஈ.எல். கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி?

ஈட்டிய விடுப்பு என்று சட்டம் சொல்வதைத்தான் மில்லிலும் கம்பெனியிலும் ஈ.எல். என்கிறோம். வருடக் கடைசியில் ஒரு எண்ணைச் சொல்வார்கள், நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள உங்கள் வருகைப் பதிவும் ஒரு காலண்டரும் போதும். இங்கே சொல்வது தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான கணக்கு. அரசு ஊழியர்களுக்கு விதி வேறு.

படி 1: எந்தச் சட்டம் என்று பாருங்கள்

நெடுங்காலமாக 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் ஈ.எல். உண்டு என்றது அது. 2025 நவம்பர் 21 அன்று தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்தது. அதன் 32ஆவது பிரிவில் இந்த வரம்பு 180 நாள். பழைய பழக்கத்தில் இன்னும் 240 என்று சொல்பவர்கள் உண்டு, கவனம்.

படி 2: தகுதி நாட்களை எண்ணுங்கள்

பலரும் குழம்புவது இங்கேதான். தகுதிக்கு ஒரு கணக்கு, விடுப்பு சேருவதற்கு இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

தகுதிக் கணக்கில், நீங்கள் வேலைக்கு வந்த நாட்களோடு மூன்று வகை நாட்களையும் சேர்க்கலாம்: ஒப்பந்தப்படியோ நிலையாணைப்படியோ விடப்பட்ட லே-ஆஃப், 26 வாரம் வரையிலான மகப்பேறு விடுப்பு, முந்தைய ஆண்டில் சேர்ந்து இப்போது எடுத்த ஈ.எல். சம்பளமில்லா விடுப்பு இந்தப் பட்டியலில் இல்லை.

படி 3: சேர்ந்த விடுப்பைக் கணக்கிடுங்கள்

இப்போது அந்த மூன்று வகையையும் ஒதுக்கிவிடுங்கள். உண்மையிலேயே வேலை செய்த நாட்களை மட்டும் 20ஆல் வகுக்க வேண்டும். மீதி அரை நாளோ அதற்கு மேலோ வந்தால் முழு நாளாகும், அதற்குக் கீழே என்றால் விட்டுவிடலாம்.

ஒரு நூற்பாலையில் செல்வி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் 182 நாள் (26 வாரம்) மகப்பேறு விடுப்பு, 147 நாள் வேலை. 'நீ 180 நாள் வரவில்லையே, ஈ.எல். கிடையாது' என்று டைம் ஆபீசில் சொன்னால் அது தவறு. தகுதிக்கு 147 + 182 = 329 நாள், தாராளமாகத் தாண்டிவிட்டார். ஆனால் விடுப்பு சேருவது 147 நாளுக்கு மட்டுமே:

```
147 / 20 = 7.35  →  7
```

ஆக, அவருக்கு 7 நாள். இன்னும் மூன்று நாள் வந்திருந்தால் 7.5, அதாவது 8 ஆகியிருக்கும். பழைய சட்டத்தில் மகப்பேறு விடுப்பில் 12 வாரம்தான் எண்ணிக்கையில் சேரும். அப்போது 147 + 84 = 231. ஒன்பது நாள் குறைந்ததால் ஒரு நாள் விடுப்புகூடக் கிடைத்திருக்காது.

ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்களுக்கு 180 தேவையில்லை. மீதமிருக்கும் நாட்களில் நான்கில் ஒரு பங்கு வேலை செய்தால் போதும். ஜூலை 1 அன்று சேர்ந்தால் மீதி 184 நாள், அதனால் 46 நாள் வந்திருக்க வேண்டும். (பழைய சட்டம் மூன்றில் இரண்டு பங்கு கேட்டது.)

படி 4: இடையில் வரும் விடுமுறையைக் கழியுங்கள்

விடுப்புக்கு நடுவிலோ, முன்னாலோ பின்னாலோ வரும் விடுமுறை நாட்களை ஈ.எல்.லில் எழுதக் கூடாது. பழைய சட்டமும் புதியதும் இதில் ஒன்றுதான்.

காலண்டரை எடுங்கள். 2026 ஆகஸ்ட் 12 புதன் முதல் 18 செவ்வாய் வரை ஊருக்குப் போகிறீர்கள். மொத்தம் ஏழு நாள். 15 சனிக்கிழமை சுதந்திர தினம், 16 ஞாயிறு வார விடுமுறை. இரண்டையும் கழித்தால் ஐந்து. உங்கள் இருப்பிலிருந்து ஐந்துதான் குறைய வேண்டும். உங்கள் வார விடுமுறை ஞாயிறு இல்லையென்றால் அந்த நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

'நடுவில் வரும் ஞாயிறும் லீவுதான்' என்று சில இடங்களில் அடித்துச் சொல்வார்கள். மத்திய அரசு ஊழியர் விதிகளில் இடையில் வரும் விடுமுறை ஈட்டிய விடுப்பில் சேரும். அதைப் பார்த்துத் தொழிற்சாலைக்கும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சம்பளச் சீட்டில் ஏழு என்று இருந்தால் தேதிகளைக் குறித்து எழுத்தில் கேளுங்கள்.

படி 5: மிச்சத்தைப் பாருங்கள்

எடுக்காத ஈ.எல். அடுத்த ஆண்டுக்குப் போகும், ஆனால் 30 நாள்தான் உச்சம். ஒரு விலக்கு உண்டு: நீங்கள் முறைப்படி கேட்டு நிர்வாகம் மறுத்த விடுப்புக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. அதனால் சூப்பர்வைசரிடம் வாயால் கேட்டுவிட்டு வராமல் விண்ணப்பமாகக் கொடுத்து, மறுத்தால் அந்தக் காகிதத்திலேயே கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.