கோல் நிழலும் சூரியனின் உயரக் கோணமும்

சமதளத்தில் 100 செ.மீ. கோல் ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலை அளந்து, கோலின் உயரத்தை நிழலின் நீளத்தால் வகுத்தால், சூரியனின் உயரக் கோணத்திற்குரிய டேன்ஜென்ட் மதிப்பு கிடைக்கும். நிழல் 173 செ.மீ. எனில் கோணம் ஏறத்தாழ 30°. 100 எனில் 45°. சென்னையில் டிசம்பர் 21 அன்று உச்சிவேளை நிழல் சுமார் 74 செ.மீ., அதாவது 53.5°.

ஆனால் உச்சிவேளை கடிகாரத்தின் 12 மணிக்கே வருவதில்லை. அப்போது நிழலின் நீளமும் மிக மெதுவாகவே மாறுவதால், எது மிகக் குறுகிய நிழல் என்று கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆகவே காலை 10 மணி நிழலின் நுனியைக் குறித்து, கோலின் அடியை மையமாகக் கொண்டு அந்த நுனி வழியே கயிற்றால் வட்டமிட்டு, பிற்பகலில் நிழல் நுனி மீண்டும் வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரு நேரங்களின் நடுவே அமைவதே உச்சிவேளை. கோல் கிழக்கிலோ மேற்கிலோ சற்றுச் சாய்ந்திருந்தாலும் இந்த நேரம் பிசகிவிடும்.